வானூர்ல டெங்கு கம்மியா? ஒரு கவர் லெட்டரின் கதை (இழை)

1/
மாவட்ட மருத்துவமனை ஒண்ணுல வேலை பார்க்கிற ஜூனியர் டாக்டர் தம்பி போன வாரம் எனக்கு ஒரு பக்க லெட்டர் அனுப்பியிருந்தார். அவங்க ஆஸ்பத்திரியில ரெண்டு வருஷமா செஞ்ச டெங்கு டெஸ்ட் கணக்கை ஒரு மருத்துவ ஜர்னலுக்கு அனுப்பப் போறார். கூட எடிட்டருக்கு ஒரு கவர் லெட்டர் வைக்கணும். "சார், இங்கிலீஷ் மட்டும் சரி பார்த்துக் கொடுங்க"ன்னு கேட்டார். இங்கிலீஷ்ல பெரிய பிரச்சினை எதுவும் இல்ல. ஆனா அந்த லெட்டர்ல இருந்த ஒரு வரி மேல ரெண்டு மணி நேரம் பேசினோம். அந்தப் பேச்சுதான் இந்த இழை. அவர் சம்மதத்தோட எழுதறேன். ஆஸ்பத்திரி பேர் வேண்டாம்னு ரெண்டு பேரும் முடிவு பண்ணிட்டோம்.

2/
மருத்துவத் துறையில இல்லாதவங்களுக்காக ஒரு சின்ன விளக்கம். பெரிய ஆராய்ச்சிக் கட்டுரை எழுதற அளவுக்கு விஷயம் இல்ல, ஆனா மத்தவங்களுக்குத் தெரிய வேண்டிய தகவல் கையில இருக்குன்னா, அதை ஷார்ட் கம்யூனிகேஷனா எழுதுவோம். ஜர்னலுக்கு ஜர்னல் அளவு மாறும். பொதுவா ஆயிரம், ஆயிரத்து ஐநூறு வார்த்தை, ஒண்ணு ரெண்டு அட்டவணை, அவ்ளோதான். கவர் லெட்டர்ங்கிறது அதோட போற கடிதம். என்ன அனுப்பியிருக்கோம், இதுல புதுசா என்ன இருக்கு, வேற எங்கயும் அனுப்பலன்னு எடிட்டருக்குச் சொல்றது. ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. கட்டுரையைப் படிக்கிறதுக்கு முன்னாடி எடிட்டர் பல சமயம் பார்க்கிறது இதைத்தான். பிடிக்கலன்னா நிபுணர் பார்வைக்கே போகாம திரும்பிடும்.

3/
தம்பியோட லெட்டர்ல மூணாவது பத்தியில இருந்த வரி இது: "எங்கள் மாவட்டத்தில் டெங்கு பாதிப்பு ஒரே ஆண்டில் 50 சதவீதம் உயர்ந்துள்ளது, திண்டிவனம் பகுதியில் அதிகமாகவும், வானூர் பகுதியில் மிகக் குறைவாகவும் காணப்படுகிறது."

படிக்க நல்லா இருக்கு. எடிட்டரை நிமிர்ந்து உட்கார வைக்கும். பேப்பர்காரங்களுக்குக் கிடைச்சா தலைப்பே ரெடி. ஆனா இந்த ஒரு வாக்கியத்துல மூணு சொல்லை அவரோட டேட்டா தாங்காது: "மாவட்டத்தில்", "உயர்ந்துள்ளது", "வானூர்". ஒவ்வொண்ணா பார்ப்போம்.

4/
முதல்ல "உயர்ந்துள்ளது". அவரோட நிஜ நம்பரை நான் இங்க போடல. அது இன்னும் வெளியாகாத டேட்டா. அதே மாதிரி அமைப்புல ஒரு கற்பனைக் கணக்கு போடறேன்.

முதல் வருஷம் 400 பேருக்கு டெஸ்ட் பண்ணோம், 80 பேருக்கு பாசிட்டிவ். ரெண்டாவது வருஷம் 1000 பேருக்குப் பண்ணோம், 120 பேருக்கு பாசிட்டிவ். 80லேருந்து 120. பாதி மடங்கு கூடியிருக்கு, 50 சதவீத உயர்வு. சரியான கழித்தல், சரியான வகுத்தல்.

இப்ப அதே கணக்கை இன்னொரு பக்கத்துலேருந்து பாருங்க. முதல் வருஷம் டெஸ்ட் பண்ண நூறு பேர்ல 20 பேருக்கு டெங்கு. ரெண்டாவது வருஷம் நூறுக்கு 12 பேருக்குத்தான். அப்படிப் பார்த்தா குறைஞ்சிருக்கு!

5/
"அப்ப எது சார் சரி? கூடிச்சா, குறைஞ்சுதா?"ன்னு கேட்டார்.

இந்த ரெண்டு நம்பரை வெச்சு ரெண்டையுமே சொல்ல முடியாது. டெஸ்ட் எண்ணிக்கை 400லேருந்து 1000 ஆனது ஏன்னு முதல்ல தெரியணும். கிட் தாராளமா வந்திருக்கலாம். "மூணு நாள் காய்ச்சல்னா எல்லாருக்கும் டெஸ்ட் எடுங்க"ன்னு உத்தரவு வந்திருக்கலாம். பக்கத்து ஊர்ல ஒரு குழந்தை இறந்த செய்தி வந்து, பயந்துபோன பெற்றோர் சாதாரண சளிக் காய்ச்சலுக்கும் பிள்ளையைத் தூக்கிட்டு வந்திருக்கலாம். இல்ல, நிஜமாவே கொசு பெருகி காய்ச்சலே அதிகமாகியிருக்கலாம். நாலுக்கும் ஒரே விளைவுதான்: டெஸ்ட் கூடும், பாசிட்டிவும் கூடும்.

அதனால லெட்டர்ல போக வேண்டியது "80லேருந்து 120"ங்கிற ஒத்தை ஜோடி இல்ல. "400ல் 80, 1000ல் 120"ங்கிற நாலு நம்பர். கூடவே டெஸ்ட் ஏன் கூடிச்சுன்னு ஒரு வரி. அதை எழுதறப்ப தலைப்புச் செய்தி போயிடும். ஆனா எடிட்டருக்கு நம்பிக்கை வரும்.

6/
அடுத்து, அந்த 120 பேர் யாரு? "டெங்கு பாசிட்டிவ்"னா என்னன்னு லெட்டர்ல ஒரு வரியாவது இருக்கணும். ஏன்னா அந்தச் சொல்லுக்கு ஊருக்கு ஒரு அர்த்தம் இருக்கு.

கிளினிக்ல ஒரு சொட்டு ரத்தம் விட்டு, கால் மணி நேரத்துல கோடு விழற கார்டு டெஸ்ட் இருக்கு. வசதிதான், ஆனா தேசிய நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் அதை உறுதியான டெங்குன்னு எடுத்துக்காது. எலைசா முறையில பார்த்தாத்தான் கணக்குல சேரும். அதுக்குத்தான் நாடு முழுக்க குறிப்பிட்ட ஆஸ்பத்திரி லேப்களைக் கண்காணிப்பு மையமா வெச்சிருக்காங்க. ஐஜிஎம் எலைசா கிட் புனேயில இருக்கிற தேசிய வைராலஜி நிறுவனத்துலேருந்து வரும்.

7/
அந்த எலைசாவுலயும் ரெண்டு வகை. காய்ச்சல் ஆரம்பிச்ச முதல் அஞ்சு நாளுக்குள்ள என்எஸ்1 பார்க்கணும். அது வைரஸோட புரதம். அஞ்சு நாளுக்கு அப்புறம் ஐஜிஎம். அது நம்ம உடம்பு வைரஸுக்கு எதிரா தயாரிக்கிறது, தயாராக நாள் ஆகும்.

மூணாம் நாள் காய்ச்சலோட வந்தவருக்கு ஐஜிஎம் மட்டும் பார்த்து நெகட்டிவ்னு வந்தா, அவருக்கு டெங்கு இல்லன்னு அர்த்தம் இல்ல. பஸ் வர்றதுக்கு முன்னாடி ஸ்டாண்டுல போய்ப் பார்த்துட்டு "பஸ் இல்ல"ன்னு சொல்ற மாதிரி. அந்தப் பக்கமும் ஒரு சிக்கல் இருக்கு. ஐஜிஎம் ரெண்டு மூணு மாசம் வரைக்கும் ரத்தத்துல தங்கலாம். ஐப்பசியில வந்த டெங்குவோட தடயம், மார்கழியில வேற ஏதோ காய்ச்சலுக்கு வந்தப்ப பாசிட்டிவா காட்டலாம்.

தம்பியோட பதிவேட்டுல காய்ச்சல் எத்தனாவது நாள்னு ஒரு கட்டம் இருந்துச்சு. நிறைய இடத்துல காலி. அதனால லெட்டர்ல "இத்தனை சதவீதம் பேருக்குக் காய்ச்சல் நாள் பதிவாகல"ன்னு நேராவே எழுதச் சொன்னேன்.

8/
தேதி விஷயத்துல இன்னொரு பொறி இருக்கு. வாரா வாரம் எத்தனை கேஸ்னு ஒரு வரைபடம் போட்டிருந்தார். அழகா ஏறி இறங்குது. "எந்தத் தேதியை வெச்சுப் போட்டீங்க?"ன்னு கேட்டேன். "ரிசல்ட் வந்த தேதி சார்."

எலைசா தட்டுல 96 குழி இருக்கும். அதுல சில குழி கிட்டோட கன்ட்ரோலுக்குப் போயிடும். நாலு சாம்பிள் வந்ததும் யாரும் தட்டை ஓட்ட மாட்டாங்க, கிட் வீணாகும். ஓரளவு சேரட்டும்னு லேப்ல காத்திருப்பாங்க. அதுல தப்பில்ல. ஆனா ரிசல்ட் தேதியை வெச்சு கிராப் போட்டா, கொசு எப்ப கடிச்சுதுங்கிறது அதுல தெரியாது. லேப் எப்ப தட்டு ஓட்டுச்சுங்கிறதுதான் தெரியும்.

கண்டுபிடிக்கிறது சுலபம். வாரக் கணக்கை நாள் கணக்கா உடைச்சுப் பாருங்க. கேஸ் எல்லாம் செவ்வாயும் வெள்ளியும் மட்டுமே குவிஞ்சிருந்தா, அது லேப்போட கால அட்டவணை. கொசுவுக்குக் கிழமை தெரியாது. காய்ச்சல் ஆரம்பிச்ச தேதி இருக்கிறவங்களை மட்டும் வெச்சு மறுபடி கிராப் போடச் சொன்னேன். எண்ணிக்கை குறைஞ்சுது, ஆனா கிராப்புக்கு இப்ப ஒரு அர்த்தம் இருக்கு.

9/
இப்ப முக்கியமான இடத்துக்கு வருவோம். வானூர்.

தாலுகா வாரியா ஒரு அட்டவணை, கூடவே மாவட்ட வரைபடம். கேஸ் அதிகம்னா அடர் சிவப்பு, குறையக் குறைய வெளிறும். திண்டிவனம் பக்கம் செக்கச் செவேல்னு இருக்கு. வானூர் கிட்டத்தட்ட வெள்ளை. அதைப் பார்த்துத்தான் "வானூர் பகுதியில் மிகக் குறைவு"ன்னு எழுதியிருந்தார்.

தம்பிக்குச் சொந்த ஊரே வானூர் பக்கம்தான். அதனால ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "உங்க வீட்ல யாருக்காவது நாலு நாள் காய்ச்சல் விடலன்னா எங்க கூட்டிட்டுப் போவீங்க?"

யோசிக்கவே இல்ல. "புதுச்சேரிக்குத்தான் சார். கோரிமேடு ஜிப்மர்."

சொல்லி முடிச்சதும் அவரே சிரிச்சுட்டார். "ஐயோ, எங்க ஊர்க்காரங்க யாருமே எங்க ஆஸ்பத்திரிக்கு வர்றதில்லையே!"

10/
விழுப்புரம் மாவட்டம் தெரியாதவங்களுக்கு: வானூர் தாலுகா புதுச்சேரியை ஒட்டியே இருக்கு. ஆரோவில், கோட்டக்குப்பம், பட்டானூர் எல்லாம் இந்தத் தாலுகாதான். பட்டானூரைத் தாண்டினா கோரிமேடு. அங்கதான் ஜிப்மர். காலாப்பட்டு பக்கம் போனா தனியார் மருத்துவக் கல்லூரி. இது தவிர புதுச்சேரி டவுனுக்குள்ள அரசு ஆஸ்பத்திரி, நர்சிங் ஹோம்னு எவ்வளவோ. வேலைக்கும், படிப்புக்கும், துணி எடுக்கவும் அங்க போறவங்க, காய்ச்சலுக்கு மட்டும் ஏன் எதிர்த்திசையில பஸ் ஏறப் போறாங்க?

புதுச்சேரி தனி யூனியன் பிரதேசம், தனி சுகாதாரத் துறை. எல்லைக்கோடு நிர்வாகத்துக்குத்தான். காய்ச்சல்காரருக்கும் கிடையாது, கொசுவுக்கும் கிடையாது.

11/
அப்ப அந்த வரைபடம் எதைக் காட்டுது? டெங்கு எங்க இருக்குங்கிறதை இல்ல, இந்த ஆஸ்பத்திரிக்கு யார் வர்றாங்கங்கிறதை. இதை அவரோட டேட்டாவை வெச்சே சோதிக்கலாம். மறுபடியும் கற்பனைக் கணக்கு.

அந்த 1000 டெஸ்ட்ல திண்டிவனத்துக்காரங்க 500 பேர், பாசிட்டிவ் 60. வானூர்க்காரங்க 40 பேர்தான், பாசிட்டிவ் 6. வரைபடத்துல 60 சிவப்பு, 6 வெள்ளை. பத்து மடங்கு வித்தியாசம்! ஆனா நூத்துக்கு எத்தனைன்னு பார்த்தா திண்டிவனம் 12, வானூர் 15. "மிகக் குறைவு"ன்னு எழுதின ஊர்லதான் விகிதம் ஒரு படி மேல இருக்கு.

"அப்ப வானூர்ல அதிகம்னு எழுதலாமா சார்?" அதுவும் கூடாது. 40 பேர்ல 6ங்கிறது சின்ன எண்ணிக்கை. புள்ளியியல்படி நிஜ விகிதம் சுமார் 7லேருந்து 29 வரைக்கும் எங்க வேணாலும் இருக்கலாம். திண்டிவனத்துக்கு சுமார் 9லேருந்து 15 வரை. ஒண்ணு மேல ஒண்ணு படியுது. கூடவும் சொல்ல முடியாது, குறையவும் சொல்ல முடியாது. எல்லையைத் தாண்டாம இங்க வந்த அந்த 40 பேர் எந்த மாதிரி நோயாளிகள்ங்கிறதும் தெரியாது.

12/
"ஒரு லட்சம் பேருக்கு இத்தனை"ன்னு போடற பழக்கம் இருக்கு. தாலுகா ஜனத்தொகையால பாசிட்டிவ் எண்ணிக்கையை வகுக்கறது. பார்க்க ரொம்ப விஞ்ஞானமா இருக்கும். ஆனா மேல இருக்கிற எண் ஒரு ஆஸ்பத்திரியோடது, கீழ இருக்கிற எண் மொத்தத் தாலுகாவோடது. அந்தத் தாலுகா ஜனம் முழுக்க இந்த ஆஸ்பத்திரிக்குத்தான் வரும்னு இருந்தாத்தான் அந்த வகுத்தல் செல்லும். வானூருக்கு அது நிச்சயமா செல்லாது.

இங்க ஒரு நுணுக்கம் உண்டு. புதுச்சேரியில ஒரு வானூர்க்காரருக்கு டெங்குன்னு உறுதியானா, முகவரியைப் பார்த்து விழுப்புரம் மாவட்ட சுகாதாரத் துறைக்குத் தகவல் வர வேண்டிய ஏற்பாடு இருக்கு. அது திட்டத்தோட கண்காணிப்பு. தம்பி கையில இருக்கிறது ஒரு ஆஸ்பத்திரியோட லேப் பதிவேடு. அது வேற, இது வேற. ரெண்டுக்கும் இங்கிலீஷ்ல ஒரே சொல்லைப் போட்டுடறோம், அதான் குழப்பம். கட்டுரைத் தலைப்புல "மாவட்டத்தில் டெங்கு கண்காணிப்பு"ன்னு இருந்ததை "மாவட்ட மருத்துவமனை ஒன்றின் ஆய்வகப் பதிவேட்டில் டெங்கு"ன்னு மாத்தினோம். கெத்து கொஞ்சம் குறைஞ்சுது. உண்மை கூடிச்சு.

13/
இதுக்கு ஏன் இவ்வளவு மெனக்கெடணும், யார் படிக்கப் போறாங்கன்னு கேட்கலாம். படிப்பாங்க. அச்சுல வந்த ஒரு அட்டவணை ஏதாவது மீட்டிங் ஃபைல்ல போய் உட்காரும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னாடி, வீடு வீடா போய் தொட்டி, டிரம், டயர் பார்த்து புழுவை அழிக்கிற பணியாளர்களை எந்த ஒன்றியத்துக்கு எத்தனை பேர்னு பிரிப்பாங்க. "இதோ, ஜர்னல்லயே வந்திருக்கு, வானூர்ல கேஸ் இல்ல"ன்னு ஒருத்தர் சொன்னா போதும். நாலு ஆள் அங்கேருந்து வேற பக்கம் போயிடும். டெங்கு வராத ஊரா நினைச்சு விட்ட ஊர்ல, தண்ணித் தொட்டியில கொசு நிம்மதியா முட்டை போடும். தம்பியோட அம்மா அப்பா இருக்கிற ஊர்தான் அது.

14/
அவர் லெட்டர்ல இன்னொரு ஆசையும் இருந்துச்சு. இந்தியாவுல டெங்கு எவ்வளவு கணக்குல வராம போகுதுன்னு 2014ல ஒரு முக்கியமான ஆய்வு வந்துச்சு. டொனால்ட் ஷெப்பர்டும் இந்திய ஆய்வாளர்களும் சேர்ந்து செஞ்சது. அதுக்கான கள ஆய்வு நடந்தது நம்ம மதுரை மாவட்டத்துல. 2006லேருந்து 2012 வரைக்கும் இந்தியாவுல வருஷத்துக்கு சராசரியா 57 லட்சத்துக்கும் மேல டெங்கு நோயாளிகள் இருந்திருக்கணும், அது அரசு கணக்குல பதிவானதைப் போல 282 மடங்குன்னு மதிப்பிட்டாங்க.

தம்பி இதைப் படிச்சுட்டு, தன்னோட பாசிட்டிவ் எண்ணிக்கையை 282ஆல பெருக்கி "மாவட்டத்தின் உண்மையான பாதிப்பு"ன்னு ஒரு வரி போட்டிருந்தார். நம்ம கற்பனைக் கணக்குல 120ஐ 282ஆல பெருக்கினா 33,840!

15/
அப்படிப் பெருக்கக் கூடாது. அந்த 282ங்கிறது அந்தக் காலகட்டத்துல முழு நாட்டோட அரசு கணக்குக்கும், அவங்க மதிப்பீட்டுக்கும் இருந்த இடைவெளி. ஒரு ஆஸ்பத்திரி பதிவேட்டுக்கான வாய்ப்பாடு இல்ல. அதுக்கப்புறம் டெஸ்ட் செய்யற லேப் பெருகியிருக்கு, இடைவெளியும் மாறியிருக்கும். அந்த ஆய்வை அவர் லெட்டர்ல ஒரே ஒரு காரணத்துக்காகத்தான் சொல்லலாம்: ஆஸ்பத்திரிக் கணக்கு எப்பவும் மொத்தத்துல ஒரு சின்னத் துண்டு, அந்தத் துண்டு எப்படி வெட்டப்பட்டதுன்னு சொல்றது முக்கியம்.

இதுக்குத் துணையா இன்னொரு ஆய்வும் உண்டு. 2017-18ல 15 மாநிலங்கள்ல 5லேருந்து 45 வயசு வரைக்கும் உள்ளவங்க ரத்தத்தை ஐசிஎம்ஆர் பரிசோதிச்சுது. நாடு முழுக்க சுமார் 49 சதவீதம் பேருக்கும், தென்னிந்தியாவுல சுமார் 77 சதவீதம் பேருக்கும் ஏற்கெனவே டெங்கு வந்துபோன தடயம் இருந்துச்சு. நாலுல மூணு பேர்! அதுல எத்தனை பேர் "எனக்கு டெங்கு வந்துச்சு"ன்னு சொல்லுவாங்க? இதுல லேப் சம்பந்தப்பட்ட விஷயமும் ஒண்ணு இருக்கு. ரெண்டாவது தடவை டெங்கு வர்றவங்களுக்கு ஐஜிஎம் சில சமயம் குறைவாத்தான் ஏறும். டெஸ்ட்ல தப்பிடலாம். அதையும் ஒரு வரியில சொல்லணும்.

16/
கடைசியா சம்பிரதாயமா தெரியற ஆனா சம்பிரதாயம் இல்லாத வரிகள். இதே கட்டுரை வேற ஜர்னல்ல பரிசீலனையில இல்ல. எழுதினவங்க எல்லாரும் இறுதி வடிவத்தைப் படிச்சு ஒப்புக்கிட்டாங்க. யாருக்கும் இதுல ஆதாயம் இல்ல. அப்புறம் நெறிமுறைக் குழு. "பழைய பதிவேடுதானே, பேரை எடுத்தாச்சு, அனுமதி தேவையில்ல"ன்னு நாமளே முடிவு பண்ண முடியாது. விலக்கு கொடுக்கறதுன்னாலும் குழுதான் கொடுக்கணும். அந்தக் கடிதத்தோட எண்ணும் தேதியும் கட்டுரையில இருக்கணும்.

பேரை எடுத்துட்டா போதுமாங்கிறதும் கேள்விதான். "இன்ன கிராமம், 12 வயசுப் பெண் குழந்தை, இன்ன மாசம் இறப்பு"ன்னு அட்டவணையில இருந்தா, அந்த ஊர்ல யாருக்குத் தெரியாது அது எந்த வீடுன்னு? கிராமப் பெயரை எடுத்துட்டு தாலுகாவோட நிறுத்தினோம். எண்ணிக்கை ரொம்பச் சின்னதா இருந்த கட்டங்கள்ல "5க்கும் குறைவு"ன்னு மட்டும் போட்டோம்.

17/
ரெண்டு மணி நேரத்துக்கு அப்புறம் வந்த லெட்டர் இது. அனுப்பினது இங்கிலீஷ்ல. இங்க தமிழ்ல, நிஜ எண்களுக்குப் பதிலா நம்ம கற்பனை எண்களோட:

"மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

மாவட்ட மருத்துவமனை ஒன்றின் ஆய்வகப் பதிவேட்டில் உள்ள இரண்டு ஆண்டு டெங்கு பரிசோதனை முடிவுகளைக் குறுங்கட்டுரையாக அனுப்பியுள்ளோம். காய்ச்சலின் முதல் ஐந்து நாட்களில் என்எஸ்1 எலைசா, அதன் பின் ஐஜிஎம் எலைசா செய்யப்பட்டது. கார்டு பரிசோதனை முடிவுகள் சேர்க்கப்படவில்லை. முதல் ஆண்டில் 400 பேரில் 80 பேருக்கும், இரண்டாம் ஆண்டில் 1000 பேரில் 120 பேருக்கும் டெங்கு உறுதியானது. இடையில் பரிசோதனைக்கான விதிமுறை தளர்த்தப்பட்டதால், இதை நோய் கூடியதாகவோ குறைந்ததாகவோ நாங்கள் கொள்ளவில்லை."

18/
"எங்கள் மாவட்டத்தின் ஒரு தாலுகா புதுச்சேரியை ஒட்டியுள்ளது. அங்குள்ள நோயாளிகளில் பெரும்பாலோர் எல்லைக்கு அப்பால் சிகிச்சை பெறுவதாகக் கருதுகிறோம். பரிசோதிக்கப்பட்டவர்களில் அத்தாலுகாவினர் 40 பேர் மட்டுமே. எனவே எங்கள் பதிவேட்டை வைத்து அப்பகுதியின் டெங்கு நிலவரத்தைக் கூற இயலாது. ஒரே ஒரு மருத்துவமனையின் பதிவேடு, எல்லையோரப் பகுதி ஒன்றை எவ்வாறு டெங்கு இல்லாத பகுதியாகக் காட்டிவிடக்கூடும் என்பதே இக்கட்டுரையின் மையச் செய்தி. இது மற்ற எல்லையோர மருத்துவமனைகளுக்கும் பயன்படும் என நம்புகிறோம்.

இக்கட்டுரை வேறெங்கும் வெளியாகவில்லை, பரிசீலனையிலும் இல்லை. நிறுவன நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் விவரம் கட்டுரையில் உள்ளது. ஆசிரியர்கள் அனைவரும் இறுதி வடிவத்தை ஏற்றுள்ளனர். எவருக்கும் ஆதாய முரண்பாடு இல்லை."

19/
கவனிச்சீங்களா? முதல்ல குறையா இருந்ததுதான் இப்ப கட்டுரையோட சரக்கு. "மாவட்டத்துல டெங்கு கூடிச்சு"ன்னு வருஷா வருஷம் நூறு கட்டுரை வரும், எடிட்டர் கொட்டாவி விடுவார். "எங்க வரைபடத்துல ஒரு வெள்ளைத் திட்டு இருக்கு, அது டெங்கு இல்லாததால இல்ல, நோயாளிங்க வேற பக்கம் போனதால"ங்கிறது ஒரு தகவல். எல்லையோரம் இருக்கிற எந்த ஆஸ்பத்திரியும் தன்னோட பதிவேட்டைத் திறந்து இதைச் சோதிச்சுப் பார்க்கலாம். கலர் வரைபடம் போடறதுக்கு முன்னாடி தாலுகாவுக்கு எத்தனை பேருக்கு டெஸ்ட் ஆச்சுன்னு ஒரு பத்தி எழுதினா போதும்.

"பெரும்பாலோர் போறாங்க"ன்னு எழுதியிருக்கோமே, அதுக்கு என்ன ஆதாரம்னு நிபுணர்கள் கேட்பாங்க. கேட்கணும். அதனால "கருதுகிறோம்"னுதான் போட்டிருக்கோம். அடுத்த கட்டமா மாவட்ட சுகாதாரத் துறை பட்டியல்லேருந்து, புதுச்சேரியில உறுதியான வானூர் முகவரிகள் எத்தனைன்னு முறைப்படி அனுமதி கேட்டு வாங்கப் போறார் தம்பி. அது கிடைச்சாத்தான் அந்த வெள்ளைத் திட்டுக்கு என்ன நிறம்னு தெரியும்.

20/
லெட்டர் போயாச்சு. பதில் வர சில வாரமோ, சில மாசமோ ஆகலாம். திருப்பியும் அனுப்பலாம். அதை அப்ப பார்த்துக்கலாம்.

இதைப் படிக்கிற, டாக்டரா இல்லாத உங்களுக்கு ஒண்ணு. டெங்கு டெஸ்ட்டுக்கு ரத்தம் கொடுக்கறப்ப ரெண்டு கேள்வி கேட்பாங்க. காய்ச்சல் என்னைக்கு ஆரம்பிச்சுது? எந்த ஊர்? முதல் கேள்விக்கு "நாலஞ்சு நாளா"ன்னு சொல்லாம, "ஞாயித்துக்கிழமை ராத்திரியிலேருந்து"ன்னு சொல்லுங்க. எந்த டெஸ்ட் எடுக்கணும்ங்கிறதே அதை வெச்சுத்தான். ரெண்டாவது கேள்விக்கு, புதுச்சேரியில தங்கியிருக்கிற சொந்தக்காரங்க வீட்டு அட்ரஸைக் கொடுக்காதீங்க. காய்ச்சல் வர்றதுக்கு முன்னாடி ரெண்டு வாரமா எந்த வீட்ல இருந்தீங்களோ, அந்த ஊர் பேரைச் சொல்லுங்க. கொசு மருந்து அடிக்கிறவங்களும், தொட்டியைப் பார்க்கிறவங்களும் அந்த அட்ரஸுக்குத்தான் வருவாங்க. உங்களைக் கடிச்ச கொசு இன்னும் அந்தத் தெருவுலதான் இருக்கு.